7 வருட இடைவெளியை எந்த வரியில் சொல்வது?

வணக்கம். கணக்குப் பிரிவில் 9 வருடம் இருந்தேன். வங்கிச் சரிபார்ப்பு, மாத இறுதிக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. பக்கவாதம் வந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள 7 வருடத்துக்கு முன் வேலையை விட்டேன். போன வருடம் அவர் காலமானார். இப்போது மறுபடி வேலை தேடுகிறேன். ரெஸ்யூமில் சம்மரி இப்படி எழுதியிருக்கிறேன்: “குடும்பப் பொறுப்புகளால் 7 ஆண்டுகள் விலகியிருந்த நான், நேர்மையும் கடின உழைப்பும் உள்ளவள். வாய்ப்பளித்தால் விரைவில் கற்றுக்கொள்வேன்.” எங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்கை 2 வருடமாக எக்செல்லில் நான்தான் பார்க்கிறேன். சம்பளம் இல்லாததால் அதைச் சேர்க்கவில்லை. சரிதானா?

— எம்.

அன்புள்ள எம்.,

அதைத்தான் முக்கியமாகச் சேர்க்க வேண்டும். உங்கள் சம்மரியில் ‘கணக்கு’ என்ற சொல்லே இல்லை. படிப்பவருக்கு நீங்கள் என்ன வேலை தெரிந்தவர் என்பதற்கு முன்பே, எத்தனை வருடம் வேலையில் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

இடைவெளியைப் பார்த்ததும் அவருக்கு இரண்டு சந்தேகம் வரும். தொழில் கைவிட்டுப் போயிருக்குமோ? மறுபடி பாதியில் நின்றுவிடுவாரோ? முதலாவதற்குச் சங்கக் கணக்கு பதில். இரண்டாவதற்கு, அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது என்ற ஒரு வரி போதும். இப்படி மாற்றிப் பாருங்கள்:

“வங்கிச் சரிபார்ப்பிலும் மாத இறுதிக் கணக்கு முடிப்பதிலும் 9 ஆண்டு அனுபவமுள்ள கணக்காளர். 2 ஆண்டுகளாகக் குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவை எக்செல்லில் பராமரித்து வருகிறேன் (தன்னார்வப் பணி). குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க 7 ஆண்டுகள் வேலையிலிருந்து விலகியிருந்தேன். அந்தப் பொறுப்பு நிறைவடைந்தது. முழுநேர வேலைக்குத் தயார்.”

‘தன்னார்வப் பணி’ என்பதை எடுத்துவிடாதீர்கள். நேர்காணலில் சம்பளச் சீட்டு கேட்டால் சங்கடமாகிவிடும். மாமியாரின் நோய் விவரம் வேண்டாம், அது அவருடைய அந்தரங்கம். பராமரிப்பை ‘இல்ல நிர்வாகி’ என்று பதவியாக்கச் சொல்பவர்களும் உண்டு. கணக்கு வேலைக்கு அது உதவாது. மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம் பிரிவு போன்ற இடத்துக்கு விண்ணப்பித்தால் மட்டும், மருத்துவமனை பில்களையும் கிளெய்ம்களையும் நீங்களே கையாண்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். அங்கே அது நேரடி அனுபவம்.

இடைவெளியின் வருடங்களை அனுபவப் பகுதியில் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று தனிப் பதிவாகப் போடுங்கள். லிங்க்ட்இன்னில் 2022 முதல் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. தேதிகளே இல்லாமல் திறமைகளை மட்டும் அடுக்கும் ரெஸ்யூம் வேண்டாம். எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றும்.

அப்புறம், விளம்பரத்தில் உள்ள சொல்லையே உங்கள் சம்மரியிலும் போடுங்கள். அவர்கள் ‘பேங்க் ரீகன்சிலியேஷன்’ என்றால் நீங்களும் அப்படியே எழுதுங்கள். பல நிறுவனங்களில் வரும் விண்ணப்பங்களை மென்பொருளில் சொல் கொடுத்துத்தான் தேடுகிறார்கள்.

அனுப்புவதற்கு முன் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். உங்கள் வேலையைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.