திடீரென்று 178: பதற்றமா, ரத்தக் கொதிப்பா?

பாலிகிளினிக்கில் பல ஆண்டுகள் வேலை பார்த்த தாதி ஒருவர், ரத்த அழுத்தம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

உட்லண்ட்ஸ், ஷிஃப்ட் வேலை, வயது 36: அக்கா, எம்ஆர்டியில் நிற்கும்போது திடீரென்று நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால் 178/104, பல்ஸ் 118. அரை மணி நேரம் கழித்து 134/84. எனக்கு பிரஷர் வந்துவிட்டதா?

இந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது தம்பி. பயம் உச்சத்தில் இருக்கும்போது அட்ரினலின் இதயத்தை விரட்டும், ரத்தக்குழாய்களை இறுக்கும். அப்போது யாருக்கும் எண் ஏறும். வேகவேகமாக மூச்சு விட்டால் விரல் மரத்துப்போகும். மருந்தில்லாமல் அரை மணியில் இறங்கியது பதற்றத்தின் பக்கம் பேசுகிறது. ஆனாலும் இப்படி முதல் தடவை வந்தால் கிளினிக்கில் ஓர் இசிஜி எடுத்துவிடுங்கள்.

இனி 7 நாள், படபடப்பு இல்லாத நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் சாப்பிடுவதற்கும் காப்பிக்கும் முன், இரவில் படுக்கும் முன். 5 நிமிடம் பேசாமல், போன் பார்க்காமல், முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட உட்காருங்கள். பட்டை மேல்கையில், நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஷிஃப்ட் வேலை என்பதால் எழுந்த பிறகும் தூங்கும் முன்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற 24 அளவுகளின் சராசரி எடுங்கள். வீட்டு அளவில் 135/85 அல்லது அதற்கு மேல் என்றால்தான் ரத்தக் கொதிப்பு. படபடப்பு வந்தபோது பார்த்த எண்ணை நேரம், பல்ஸோடு தனியாக எழுதி வையுங்கள்.

பீஷான்: பல்ஸ் வேகமாக இருந்தால் பயம், சாதாரணமாக இருந்தால் நிஜ பிரஷர் என்று என் சித்தப்பா சொல்கிறார். அது போதாதா?

பாதி சரி. பதற்றத்தில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும். ஆனால் காய்ச்சல், தைராய்டு, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு எல்லாவற்றிலும் பல்ஸ் ஓடும். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பயத்திலும் பல்ஸ் அவ்வளவாக ஏறாது. பல்ஸைவிட, நிம்மதியாக இருக்கும்போது எண் எங்கே நிற்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

ஜூரோங் வெஸ்ட், வயது 51: எனக்கும் இதேதான். காலையில் எழுந்ததும் 148/92, 150/94. பல்ஸ் 68. படபடப்பு எதுவும் கிடையாது. ஆபீஸ் டென்ஷன்தானே, லீவ் எடுத்தால் சரியாகிவிடும்?

இல்லை அண்ணே, இது அதே கதை இல்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதே தினமும் 150-ஐ ஒட்டி நிற்கிறது என்றால் அது நிஜ ரத்தக் கொதிப்பாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். "டென்ஷன்" என்று பெயர் வைத்துப் பல வருடம் தள்ளிப்போட்டு, சிறுநீரகம் கெட்ட பிறகு வந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். லீவுக்காகக் காத்திருக்காமல், எண்களை எழுதிக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

ஈசூன்: படபடப்பு வந்தபோது அம்மாவின் பிரஷர் மாத்திரை அம்லோடிபின் ஒன்று போட்டேன். 20 நிமிடத்தில் இறங்கிவிட்டது. கையில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம்மா. அந்த மாத்திரை முழுவேகம் பிடிக்கவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இறங்கியது தானாக இறங்கியது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் உங்கள் அழுத்தம் சாதாரணமாக இருக்கும், அப்போது தலைசுற்றி விழலாம். அடுத்த முறை மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்தால் ஒவ்வொரு எண்ணும் அடுத்த பயத்தைக் கிளப்பும்.

180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல் இருந்தால் பதற்றமா என்று யோசிக்கவே கூடாது, 995. பயமே இல்லாமல் கடும் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தால், அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அது அபூர்வம், ஆனால் பேனிக் அட்டாக் போலவே நடிக்கும்.

உட்லண்ட்ஸ் தம்பி மறுபடியும்: அக்கா, இசிஜி சரியாக இருக்கிறது. 24 அளவின் சராசரி 127/80. அந்த 178-ஐச் சேர்க்காதது ஏமாற்றுவது மாதிரி இல்லையா? கிளினிக்கில் வேறு 152/90 காட்டியது.

சேர்த்தாலும் 129-தான் வரும், போட்டுப் பாருங்கள். கிளினிக் எண்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. மருத்துவர் முன்னால் மட்டும் ஏறுகிறதா என்று பார்க்க, 24 மணி நேரம் அணியும் கருவி கேளுங்கள். தூக்கத்திலும் அளக்கும், அங்கே பயம் குறுக்கே வராது. பகல் சராசரி 135/85-க்கும் இரவு 120/70-க்கும் கீழே இருந்தால் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் இப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் பின்னாளில் நிஜமாகவே ரத்தக் கொதிப்பு வருகிறது. உங்களுக்கு வருமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு முறையாவது இந்த 7 நாள் கணக்கைத் திரும்ப எடுங்கள். படபடப்பு மறுபடி வந்தால் அதற்கென்று தனியாக மருத்துவரிடம் பேசுங்கள், அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது.