மார்கழி 29 நாளில் முடிந்தால் முப்பதாவது பாசுரம் எப்போது?

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். வீட்டில் நாளுக்கு ஒரு திருப்பாவைப் பாசுரம் பாடுகிறோம். சில வருடம் மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடுகிறதே, ஒரு பாட்டு மிஞ்சுமே? முதல் நாளே இரண்டு பாடிவிடலாமா?

முதல் நாளில் சேர்க்காதீர்கள். கடைசி நாளில் ‘சிற்றஞ் சிறுகாலே’, ‘வங்கக் கடல் கடைந்த’ இரண்டையும் சேர்த்துப் பாடுங்கள். இவை சாற்றுமுறைப் பாசுரங்கள். எப்போதும் ஜோடியாகவே சொல்வதால், அன்று சேர்த்துச் சொல்வது ஒட்டவைத்தது போல இருக்காது.

சூரியன் தனுசு ராசியைக் கடக்க 29 நாளும் சில மணி நேரமும்தான் ஆகிறது. அந்த மிச்ச மணிகள் சேர்ந்து சில வருடம் முப்பதாவது நாளைத் தருகின்றன. 2024இலும் 2025இலும் டிசம்பர் 16தான் மார்கழி முதல் தேதி. ஆனால் முதல் வருடம் ஜனவரி 14 அன்று பொங்கல், மாதம் 29 நாள். அடுத்த வருடம் ஜனவரி 15 அன்று பொங்கல், மாதம் 30 நாள். ஆகவே போன வருடக் கணக்கை அப்படியே எடுக்காமல், தை முதல் தேதி எது என்று காலண்டரில் முதலிலேயே பாருங்கள்.

முதல் நாளே இரண்டு பாடினால் என்ன கெடும்? ஒவ்வொரு பாட்டும் ஒரு நாள் முன்னால் போய்விடும். ஆறு முதல் பதினைந்து வரை பத்துத் தோழியரை எழுப்பும் பாட்டு. பதினாறில் நந்தகோபன் வாசல் காப்போனிடம் கதவு திறக்கக் கேட்கிறார்கள். பாதி மாதத்தில் தெரு முடிந்து அரண்மனை வாசல் வருகிற அந்தப் பொருத்தம் குலையும். அதைவிட வெளிப்படையாகத் தெரிவது கூடாரவல்லி. மார்கழி 27இல் கோயிலில் ‘கூடாரை வெல்லும்’ பாடி அக்காரவடிசல் அமுது செய்விக்கும்போது நீங்கள் ‘கறவைகள் பின்சென்று’க்குப் போயிருப்பீர்கள். ‘நெய்யுண்ணோம் பாலுண்ணோம்’ என்று இரண்டாம் பாட்டில் எடுத்த நோன்பு, ‘மூட நெய் பெய்து முழங்கை வழிவார’ என்று நிறைகிற நாள் அது. (மலையில் அரிசி குழைய நேரமாகும். பாலில் நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம் சேருங்கள். முன்னாலேயே போட்டால் அரிசி விறைத்து நின்றுவிடும்.)

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் விட்ட பாட்டை முதலில் சொல்லி, அன்றைய பாட்டைத் தொடருங்கள். தேதியும் பாட்டு எண்ணும் பிரியக் கூடாது. பத்தாம் தேதி வந்து சேர்கிறவரும் ‘நோற்றுச் சுவர்க்கம்’ பாட்டிலேயே சேர்ந்துகொள்ளலாம்.

முறையாகச் செய்கிறவர்கள் தினமும் முப்பதையும் சேவித்து, அன்றைய நாள்பாட்டை மட்டும் இருமுறை சொல்வார்கள். குளிரில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு முடியாது என்றால் தனியன், நாள்பாட்டு இருமுறை, கடைசி இரண்டு பாசுரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். பன்னிரண்டாம் நாள் மட்டும் வாசலில் நின்று பாடிப் பாருங்கள். ‘பனித்தலை வீழ நின் வாசற் கடைபற்றி’ என்ற வரி வரும்போது உங்கள் ஊர்ப் பனியும் தலையில் இறங்கிக்கொண்டிருக்கும்.