ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?

கேள்வி: மண்டபத்தில் கடலை ஒட்டி வீடு. ஃபிரிட்ஜ் கதவோரம் வியர்த்துக்கொண்டே இருக்கிறது, மோட்டாரும் ஓய்வில்லாமல் ஓடுகிறது. கதவு ரப்பரை மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

முதலில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்கரைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, நல்ல ரப்பர் உள்ள கதவோரமும் சில நாட்களில் வியர்க்கும். வியர்வையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நோட்டுத் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி வைத்துக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாக இழுங்கள். ரப்பர் சரியாகப் படிந்திருந்தால் தாளைப் பிடித்துக்கொள்ளும், சற்று இழுத்தால்தான் வரும். தானாக நழுவி வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. ஒரு சாணுக்கு ஒரு முறை என்று கதவைச் சுற்றி வாருங்கள். மூலைகளையும் கீல் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். நழுவும் இடங்களில் பென்சிலால் குறியிடுங்கள். ரப்பர் அழுத்துகிறதா என்பதை மட்டுமே தாள் சொல்லும். மடிப்புக்குள் இருக்கும் கீறலை விரலால் விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

தொண்டியில் என் சித்தி வீட்டு ஃபிரிட்ஜில் கைப்பிடிப் பக்கத்துக் கீழ்ப்பகுதியில் மட்டும் தாள் நழுவியது. மடிப்பை விரித்தால் கச்சான் காற்று கொண்டுவந்த பொடி மணலும் மீன் பிசுக்கும் கறுப்பாக அப்பியிருந்தன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டுகள் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தேன். அதிலேயே பெரும்பகுதி சரியாகிவிட்டது. மூலை மட்டும் உள்பக்கமாகச் சுருண்டு நின்றது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் சில நிமிடங்கள் வைத்திருந்தேன். ரப்பர் இளகியதும் விரலால் வெளியே இழுத்து நேராக்கி, கதவை இறுகச் சாத்தி இரவு முழுவதும் விட்டோம். காலையில் அந்த மூலையும் தாளைப் பிடித்தது. ஹேர் டிரையரும் உதவும், ஆனால் ஒரே இடத்தில் காட்டினால் ரப்பர் உருகிவிடும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், ரப்பர் விறைத்துப்போகும்.

நம் ஊரில் பலர் கவனிக்காதது துரு. ரப்பருக்குள் இருக்கும் காந்தப்பட்டை எதிரே உள்ள இரும்புச் சட்டத்தில்தான் ஒட்டுகிறது. உப்புக்காற்றில் அந்தச் சட்டம் துருவேறிப் பொருக்குத் தட்டியிருந்தால் புது ரப்பரும் ஒட்டாது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். கதவே தொங்கியிருந்தால் கீல் திருகுகளை முடுக்கி, கதவுத் தட்டில் உள்ள கனமான பாட்டில்களை உள்ளே மாற்றுங்கள்.

ரப்பர் கிழிந்திருந்தாலோ, மடக்கினால் வெடிக்கும் அளவுக்கு இறுகியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். புது ரப்பர் மடிந்துதான் வரும். மாட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் மடிப்பு நிமிரும். மாட்டிய பிறகு அதே தாளை எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்று வாருங்கள்.