3.8 லட்சம் வியூஸ், 41 ஆர்டர்

கேள்வி: குறிப்பிட்ட ஒரு கூட்டத்துக்கு மட்டுமே பயன்படும் பொருளை அறிமுகப்படுத்தப் போகிறோம். கையில் 2 லட்சம் இருக்கிறது. ஒரு டிவி பிரபலத்தைப் பிடிப்பதா, சின்னச் சின்ன இன்ஃப்ளூயன்சர்கள் பத்துப் பேரைப் பிடிப்பதா?

சின்னவர்களைப் பிடியுங்கள். ஆனால் பத்துப் பேர் வேண்டாம், ஆறேழு பேர் போதும். ஏன் என்று சொல்ல, நான் பணத்தைத் தொலைத்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் கோவையில் மாடித்தோட்டத்துக்கான சொட்டுநீர் கிட் செய்கிறோம். 30 செடித்தொட்டிக்கான பைப், டிரிப்பர், வடிகட்டி எல்லாம் ஒரே பெட்டியில், 1,650 ரூபாய். மோட்டார் தேவையில்லை, மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும். பொருள், பெட்டி, கூரியர் போக எங்களுக்கு நிற்பது 450 ரூபாய். இந்த 450ஐ மறந்துவிடாதீர்கள், மொத்தக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு சீரியல் நடிகையின் ரீல். 1,50,000 ரூபாய். போட்ட முதலை எடுக்க அந்த ஒரு ரீலிலிருந்து 334 ஆர்டர் வர வேண்டும். இந்தக் கணக்கைப் பணம் கொடுப்பதற்கு முன் போட்டிருக்க வேண்டும், நான் பிறகுதான் போட்டேன். வியூஸ் 3.8 லட்சம். கமெண்ட் எல்லாம் "செம்ம சேலை மேம்", "சீரியல்ல எப்ப திரும்ப வருவீங்க". ஆர்டர் 41. அதில் பாதிக்கு மேல் கேஷ் ஆன் டெலிவரி, அவற்றில் 17 பெட்டி வாசல் வரை போய்த் திரும்பி வந்தது. போகவும் வரவும் கூரியர் காசு நம் தலையில். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார், சொன்னதைப் பேசினார். அவரைப் பார்க்க வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

"ஒரே ஒரு ரீலை வைத்து முடிவு கட்டலாமா" என்று இங்கே யாராவது வருவீர்கள். சரி, சோப்போ டீத்தூளோ விற்றால் நானும் பிரபலத்திடம்தான் போவேன். எல்லோரும் வாங்கும் பொருளுக்கு முகம் பழகினாலே பாதி வேலை முடிந்தது. கடைக்காரர் அலமாரியில் இடம் கொடுக்கவும் அந்த முகம் உதவும். ஆனால் எங்கள் பொருளை வாங்குகிறவருக்கு முதலில் மொட்டைமாடி வேண்டும், அதில் செடி வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்கும் செடிக்கும் நடுவே ஓராள் உயரமாவது இருக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். செங்கல் மேல் உட்கார்ந்திருக்கும் தொட்டியில் இது ஓடாது. 30 நொடி ரீலில் இதை எங்கே சொல்வது? சொல்லாததால் வாங்கிய சிலர் மாட்டிப் பார்த்துவிட்டுத் திட்டினார்கள். நியாயமான திட்டுதான்.

(மொட்டைமாடியைப் பூட்டி சாவியைச் செயலாளர் இடுப்பில் சொருகிக்கொள்ளும் அடுக்குமாடி அசோசியேஷன்கள் பற்றித் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும். நாலு தக்காளிச் செடியால் கான்கிரீட் இடிந்துவிடும் என்று சர்க்குலர் விடுகிறார்கள். அதே மாடியில் ஆறு டிஷ் ஆன்டெனா, மூன்று ஏசி. சரி, விடுங்கள்.)

அப்புறம்தான் மாடித்தோட்டச் சேனல்கள் பக்கம் போனோம். ஏழு பேர், எல்லோரும் பத்தாயிரத்திலிருந்து எழுபதாயிரம் வரை சப்ஸ்கிரைபர் உள்ளவர்கள். ஆளுக்கு 5,000 ரூபாய், ஒரு கிட். கிட்டின் அடக்கம் 1,200 சேர்த்தால் 6,200. 14 ஆர்டர் வந்தால் ஒருவருடைய செலவு எடுபட்டுவிடும். ஏழில் மூன்று பேர் அந்த 14ஐத் தொடவில்லை. தொடாவிட்டாலும் போனது ஆளுக்கு 6,200தான், ஒன்றரை லட்சம் இல்லை.

ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைத் தள்ளிவையுங்கள். கடைசி 20 வீடியோவின் கமெண்டை உட்கார்ந்து படியுங்கள். "சூப்பர் சிஸ்", "நைஸ் ஷேரிங்" என்றே இருந்தால், அதே பத்துப் பேர் ஒருவர் சேனலில் இன்னொருவர் போய்ப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். பெயர்களை இரண்டு சேனலில் ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். "அக்கா, என் கத்தரியில மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய் எத்தனை மில்லி?" என்று கேள்வி வர வேண்டும், அதற்கு அவர் பதிலும் சொல்லியிருக்க வேண்டும். பார்ப்பவர்கள் எந்த ஊர் என்று யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், அதைத் திருத்துவது சுலபம். இதைச் செய்யாமல் எடுத்த ஒரு சேனலில் பாதிப் பேர் பரிசுப் போட்டிக்காகச் சேர்ந்தவர்கள். எங்களுக்கு வந்த ஆர்டர் 3.

யார் மூலம் வந்தது என்று தெரிய ஆளுக்கொரு கூப்பன் கோடு கொடுத்தோம். முதலில் 100 ரூபாய் தள்ளுபடி. இரண்டே நாளில் அது வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றி, யார் யாரிடமிருந்து வந்தார்கள் என்றே தெரியாமல் போனது. பிறகு தள்ளுபடியை எடுத்துவிட்டு, கோடு போட்டால் ஐந்து டிரிப்பர் கூடுதல் என்று மாற்றினோம். செடி வைத்திருப்பவருக்கு அது ஆசை, கூப்பன் வேட்டைக்காரருக்கு அதனால் ஒன்றுமில்லை.

இப்போது திருப்பூர் அக்கா. 23,000 சப்ஸ்கிரைபர். கிட் போன மூன்றாம் வாரம் கூப்பிட்டார். "தம்பி, எங்க வீட்டு போர்த் தண்ணி உப்பு. நாலு டிரிப்பர் அடைச்சிருச்சு. நான் இதையும் வீடியோல சொல்லுவேன், பரவாயில்லையா?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. நடிகை ரீலின் காயம் ஆறவில்லை, இவர் வேறு குறை சொல்லப் போகிறாரே என்று. ஆனாலும் சரி என்றேன். அவர் அடைத்த டிரிப்பரைக் கழற்றி, வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினார். ஒரு எவர்சில்வர் டம்ளரில் வினிகர் ஊற்றி ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தார். காலையில் திரும்ப மாட்டினார், சொட்டியது. அந்த ஒரு வீடியோவிலிருந்து 96 ஆர்டர், பெரும்பாலும் முன்பணம் கட்டியவை. திரும்பி வந்தது இரண்டோ மூன்றோதான்.

அந்த வீடியோவின் தொடக்கத்திலேயே கட்டண விளம்பரம் என்று போடச் சொன்னோம். விளம்பரத் தர மன்றத்தின் 2021 விதிமுறைப்படி பொருளை இலவசமாகக் கொடுத்தாலே சொல்லியாக வேண்டும். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று இரண்டு பேர் தயங்கினார்கள். குறையையும் சேர்த்துச் சொன்ன அக்காவை யாரும் அதற்காகக் கேள்வி கேட்கவில்லை. இதே காரணத்தால்தான் விற்பனைக்குத் தகுந்த கமிஷன் நான் கொடுப்பதில்லை. கமிஷன் கொடுத்தால் உப்புத் தண்ணீர் விஷயம் வீடியோவில் வராது. இது என் கருத்து, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று அக்கா வீடியோவின் கமெண்டில்தான் தெரிந்தது. நாங்கள் பெட்டி மேல் "தண்ணீர் சேமிப்பு" என்று பெரிதாக அச்சடித்திருந்தோம். அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது, "மே மாசம் பத்து நாள் ஊருக்குப் போறோம், செடி காயாம இருக்குமா?" அடுத்த லாட்டில் பெட்டியின் வாசகத்தை மாற்றினோம். வீடியோ வெளியிடுவதையும் ஆடிப்பட்டத்திலிருந்து பங்குனிக்குத் தள்ளினோம். ஒன்றரை லட்சம் கொடுத்த ரீலின் கமெண்டில் எனக்குக் கிடைத்த ஒரே தகவல் சேலையின் விலை.

உங்கள் பொருள் என்ன, ஒன்று விற்றால் கையில் எவ்வளவு நிற்கும் என்று கீழே எழுதுங்கள், எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அக்காவின் பழைய வீடியோ இன்னமும் தேடலில் வந்துகொண்டிருக்கிறது, போன வாரம்கூட இரண்டு ஆர்டர். கூடவே அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட், புது லாட்டு வடிகட்டியில் வாஷர் சரியில்லையாம்.