84 ஸ்லைடும் ஒரு ரயில் பயணமும்

அன்புள்ள ஐயா,
தாதிமைப் படிப்பில் இருக்கிறேன். நீரிழிவுப் பாடத்துக்கு மட்டும் 84 ஸ்லைடுகள். காலையில் உட்லண்ட்ஸிலிருந்து ஊட்ரம் பார்க் வரை நின்றுகொண்டே போகிறேன், கைப்பேசியை எடுக்கக்கூட இடமிருக்காது. ஸ்லைடுகளை அப்படியே வாசித்துப் பதிவு செய்து கேட்டேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. காதால் கேட்டுப் படிக்க ஏற்றபடி இவற்றை எப்படி எழுதிக்கொள்வது?
வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்லைடில் இருப்பவை குறிப்புகள். அவற்றை இணைத்துச் சொல்வது ஆசிரியரின் வேலை. நீங்கள் வாசித்தபோது அந்த இணைப்பு விடுபட்டுப்போனது. அதனால் ஒவ்வொரு ஸ்லைடையும் முதலில் ஒரு கேள்வியாக மாற்றுங்கள். சர்க்கரை தாழ்ந்துபோவது பற்றிய ஸ்லைடில் "4.0-க்குக் கீழ், 15 கிராம், 15 நிமிடம்" என்று மூன்று வரி இருக்கும். அதை இப்படி எழுதலாம்:

"நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.4 மில்லிமோல். விழிப்போடு இருக்கிறார், விழுங்க முடிகிறது. என்ன கொடுப்பீர்கள்?" இங்கே ஐந்து நொடி மௌனம். "வேகமாக ஏறும் சர்க்கரை, 15 கிராம். 5 கிராம் குளுக்கோஸ் மாத்திரை என்றால் மூன்று. சாக்லெட் ஏன் உதவாது?" மறுபடி மௌனம். "அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். எப்போது மறுபடி சோதிப்பீர்கள்?" மௌனம். "15 நிமிடம் கழித்து. அப்போதும் 4.0-க்குக் கீழே இருந்தால் இன்னொரு 15 கிராம்."

அந்த மௌனத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். உடனே பதில் வந்துவிட்டால், 'ஆமாம், தெரியுமே' என்று தோன்றும், ஆனால் நீங்களாக நினைவிலிருந்து எடுத்திருக்க மாட்டீர்கள். பதிவு செய்யும்போது மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம் ரயில் சத்தம். சுரங்கத்தில் வளைவு வரும்போதும் அறிவிப்பு ஒலிக்கும்போதும் ஒரு சொல் காணாமல் போகும். ஆங்கிலத்தில் பதிவு செய்தால் பிஃப்டீனும் பிஃப்டியும் ஒன்றுபோல் கேட்கும், அதனால் "பிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்றே சொல்லுங்கள். மில்லிகிராம், மைக்ரோகிராம் இரண்டையும் சுருக்காமல் முழுதாகச் சொல்லுங்கள். மருந்தளவில் இந்தக் குழப்பம் ஆயிரம் மடங்கு வித்தியாசம். முக்கியமான எண் இரண்டு வெவ்வேறு வாக்கியங்களில் வரட்டும், ஒன்று போனாலும் மற்றது கிடைக்கும்.

84 ஸ்லைடையும் ஒரே பதிவாக்க வேண்டாம். ஆறேழு நிமிடத் துண்டுகளாக வைத்தால் கூட்டத்தில் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் ஸ்லைடை மூடிவிட்டு ஒருமுறை கேளுங்கள். "மேலே உள்ள அட்டவணையில்" போன்ற வரி எங்காவது காதில் விழுந்தால் அந்த இடம் இன்னும் கண்ணுக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. திருத்துங்கள்.

இன்சுலின் வகைகளின் வேலை நேரத்தைக் காட்டும் வளைகோட்டுப் படத்தைக் காதுக்கு மாற்ற முயல வேண்டாம். எது எப்போது உச்சத்துக்குப் போகிறது என்று ஒப்பிடக் கண் வேண்டும். பதிவில் அந்த இடத்தில் "படம், வீட்டில் பார்க்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.