தாராவி பற்றிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை

"மும்பையில் இதழியல் இரண்டாம் ஆண்டு. 'தாராவி தமிழர் வாழ்க்கை பற்றி எழுதலாமா' என்று ஒரு நாளிதழுக்கு இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. என்ன தப்பு?"

தம்பி, தாராவி தமிழர் வாழ்க்கை என்பது தலைப்பு, செய்தி இல்லை. டெஸ்கில் இருப்பவர் தேடுவது என்ன மாறியது, ஏன் இப்போது, யாரிடம் பேசினாய் என்கிற மூன்றைத்தான், அது முதல் நாலு வரிக்குள் கிடைக்காவிட்டால் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

உன் தலைப்பையே சுருக்கிப் பார். மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டு, இப்படி எழுது: "இந்தப் பள்ளியில் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இத்தனை பேர், ஐந்து வருடம் முன்பு இத்தனை பேர். தலைமை ஆசிரியரிடமும் பிள்ளையை ஆங்கிலவழிக்கு மாற்றிய இரண்டு பெற்றோரிடமும் பேசிவிட்டேன். 800 சொல், படத்துடன், பத்து நாளில் தருகிறேன்."

எண்ணை வாய்வார்த்தையாக வாங்காதே, சேர்க்கைப் பதிவேட்டைப் பார். காட்ட மறுத்தால் தகவல் உரிமை மனு போடு, ஆனால் அதற்குச் சட்டப்படி 30 நாள் அவகாசம் உண்டு, அதனால் பத்து நாள் என்று அப்போது எழுதிவிடாதே. எண்ணிக்கை குறையவே இல்லை என்று தெரிந்தால்? அதுவும் செய்திதான், கடிதத்தை மாற்று.

அப்புறம், சப்ஜெக்ட் வரியில் 'வாய்ப்பு வேண்டி' வேண்டாம், செய்தியையே போடு.