1964-ஆ, 1967-ஆ, 1968-ஆ? ஒரே கட்டுரைக்கு மூன்று வருடங்கள்

கேள்வி: ஐயா, நான் மார்த்தாண்டத்திலிருந்து தினமும் நாகர்கோவிலுக்குப் போய் இயற்பியலில் பிஎச்.டி. செய்கிறேன். எதிர்ம ஒளிவிலகல் பற்றிய வெசெலாகோவின் கட்டுரையை ஆங்கிலத்தில் படித்தேன். மற்றவர்களின் கட்டுரைகளில் அதற்கு 1964, 1967, 1968 என்று மூன்று வருடங்கள் போட்டிருக்கிறது. கைடு "ஒரிஜினலைப் போடும்மா" என்கிறார். எனக்கு ரஷ்யன் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எதைப் போடுவது?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் படித்த ஆங்கில வடிவத்தைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். ரஷ்ய மூலத்தின் விவரத்தையும் அதே பதிவுக்குள் சேர்த்துவிடுங்கள். அப்போது உங்கள் கைடு கேட்பதும் நிறைவேறிவிடும்.

அந்தக் கட்டுரை முதலில் வந்தது 'உஸ்பெகி ஃபிஸிசெஸ்கிக் நௌக்' என்ற ரஷ்ய இதழில். அமெரிக்க இயற்பியல் கழகம் அந்த இதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 'சோவியத் ஃபிஸிக்ஸ் உஸ்பெகி' என்ற பெயரில் தனி இதழாகவே வெளியிட்டு வந்தது. இரண்டுக்கும் தொகுதி எண் வேறு, பக்க எண் வேறு. மொழிபெயர்த்து அச்சேற்ற மாதங்கள் பிடிக்கும் என்பதால் பல கட்டுரைகளுக்கு வருடமும் மாறிவிடும். வெசெலாகோவின் கட்டுரை ரஷ்யனில் 92-ஆம் தொகுதி, 517-ஆம் பக்கம், 1967. ஆங்கிலத்தில் 10-ஆம் தொகுதி, 509-ஆம் பக்கம், 1968. ஆகவே 1967, 1968 இரண்டுமே சரிதான்; ஒன்று மூலத்தின் வருடம், மற்றது மொழிபெயர்ப்பின் வருடம்.

அப்புறம் 1964 எங்கிருந்து வந்தது? ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே மூலத்தின் வருடத்தைத் தவறாக 1964 ஜூலை என்று அச்சிட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து ஒருவர் எழுத, அவரைப் பார்த்து அடுத்தவர் எழுத, இன்றுவரை அது ஓடிக்கொண்டிருக்கிறது. ரஷ்யன் தெரியாமலே இந்தப் பிழையை நீங்களே கண்டுபிடிக்கலாம். அந்த இதழ் அந்தக் காலத்தில் வருடத்துக்கு மூன்று தொகுதிகளாக வந்தது. 1967-இன் தொகுதிகள் 91, 92, 93. அங்கிருந்து மூன்று வருடம் பின்னால் போனால் ஒன்பது தொகுதி குறையும். 1964-க்கு 82, 83, 84 தான் வரும். 92-ஆம் தொகுதி 1964-இல் வந்திருக்க வழியே இல்லை. தொகுதி எண்ணும் வருடமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று இப்படி ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்ப்பது, பழைய ரஷ்ய இதழ்களைக் கையாளும் யாருக்கும் உதவும்.

இன்னொரு சான்று டி.ஓ.ஐ. எண்ணிலேயே இருக்கிறது. இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி எண் உண்டு. முதலில் ரஷ்யன், அடுத்தது ஆங்கிலம்:

```
10.3367/UFNr.0092.196707d.0517
10.1070/PU1968v010n04ABEH003699
```

முதல் எண்ணில் தொகுதி 92, வருடம் 1967, மாதம் 07, பக்கம் 517 எல்லாம் வரிசையாக இருக்கிறது பாருங்கள். இரண்டாவதில் 1968, தொகுதி 10, இதழ் 4 என்று தெரிகிறது. எல்லா இதழ்களின் எண்ணும் இப்படி வாசிக்கக் கிடைக்காது. இங்கே கிடைக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, பதிவை எப்படி எழுதுவது? இயற்பியல் இதழ்களில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது:

```
V. G. Veselago, Usp. Fiz. Nauk 92, 517 (1967)
[Sov. Phys. Usp. 10, 509 (1968)].
```

மூலம் முன்னால், மொழிபெயர்ப்பு சதுர அடைப்புக்குள். முழுவதும் ஒரே வரிசை எண்ணில் வர வேண்டும். இதை 12, 13 என்று இரண்டு எண்களாகப் பிரித்தால், வெசெலாகோ இரண்டு கட்டுரை எழுதினார் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அதைவிட மோசம் ரஷ்யத் தொகுதி எண்ணையும் ஆங்கிலப் பக்க எண்ணையும் கலந்து '92, 509' என்று போடுவது. அதை வைத்துக்கொண்டு எந்த நூலகத்திலும் யாராலும் கட்டுரையை எடுக்க முடியாது.

உங்கள் பல்கலைக்கழகம் ஏ.பி.ஏ. நடையைக் கேட்டால் முறை கொஞ்சம் மாறும். அங்கே ஆங்கில வடிவம்தான் முதன்மைப் பதிவு, வருடம் 1968. மூலம் 1967-இல் வெளியானது என்ற குறிப்பு பதிவின் கடைசியில் வரும். கட்டுரைக்குள் குறிப்பிடும்போது 1967/1968 என்று இரண்டு வருடத்தையும் எழுதுவார்கள். பிப்டெக் பயன்படுத்துகிறவர் என்றால் ஆங்கில டி.ஓ.ஐ.யை வைத்துப் பதிவை இறக்கிக்கொண்டு, இந்த ஒரு வரியை மட்டும் கையால் சேருங்கள்:

```
note = {Russian original: Usp. Fiz. Nauk 92, 517 (1967)},
```

உங்கள் கைடு சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. "இந்தக் கருத்தை முதலில் சொன்னவர் யார், எப்போது" என்று எழுதும் வாக்கியத்தில் மூலத்தின் வருடம்தான் வர வேண்டும். "1968-இல் வெசெலாகோ முன்மொழிந்தார்" என்று எழுதினால் அவருக்கு ஒரு வருடத்தைக் குறைக்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் 1967 என்றே எழுதுங்கள். ஆனால் அவருடைய சமன்பாட்டையோ வாக்கியத்தையோ எடுத்தாளும்போது, நீங்கள் கண்ணால் பார்த்த ஆங்கிலப் பக்கத்தைத்தான் காட்ட முடியும். மொழிபெயர்ப்பில் ஓர் அடையாளக்குறியோ வருடமோ மாறியிருந்தால் அது மொழிபெயர்ப்பின் பிழை. ரஷ்ய மூலத்தை மட்டும் போட்டீர்களானால் அந்தப் பிழை மூல ஆசிரியர் தலையில் விழும். வைவாவில் ஒருவர் "ரஷ்யனில் படித்தீர்களா?" என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லவும் இதுதான் வழி.

உங்கள் வேதியியல் தோழிகளுக்கு வேறு மாதிரி சிக்கல் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். 'அங்கேவாண்டே கெமி' ஜெர்மன் இதழுக்கு 1962 முதல் ஆங்கிலச் சர்வதேசப் பதிப்பு உண்டு. அங்கே இரண்டும் பெரும்பாலும் ஒரே வருடத்தில் வந்துவிடும், அதனால் வருடத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. தொகுதி எண்ணைப் பாருங்கள். ஜெர்மன் எண் எப்போதும் 73 கூடுதலாக இருக்கும். 2001-இல் ஆங்கிலம் 40, ஜெர்மன் 113. ஷார்ப்லெஸ் குழுவின் கிளிக் கெமிஸ்ட்ரி கட்டுரை ஆங்கிலத்தில் 40, 2004. ஜெர்மனில் 113, 2056. இன்றைய டி.ஓ.ஐ.களில் `anie` என்றால் ஆங்கிலம், `ange` என்றால் ஜெர்மன்.

நம் மாவட்டத்தில் வரலாறு, நாட்டாரியல் செய்கிறவர்களுக்கு மலையாளத்தில் இதே கேள்வி வரும். குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் மலையாளமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. நீங்களே மலையாள மூலத்தைப் படித்துத் தமிழில் தந்தால் மூலத்தைக் காட்டி, "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்று எழுதுங்கள். வேறொருவர் செய்த தமிழாக்கத்தைப் படித்திருந்தால் அவர் பெயரோடு தமிழாக்கத்தைக் காட்டி, மூலத்தின் விவரத்தைக் கூடவே சேருங்கள். ஆசிரியரே மறுமொழியில் புதிதாக எழுதி, தரவையும் கூட்டியிருந்தால் மட்டும் அது மொழிபெயர்ப்பு அல்ல. அப்போது அவை இரண்டு கட்டுரைகள், இரண்டு பதிவுகள்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ufn.ru தளத்தில் ரஷ்ய இதழின் பழைய தொகுதிகள் திறந்தே கிடக்கின்றன. வெசெலாகோவின் கட்டுரைக்குரிய பக்கத்தைத் திறந்து தொகுதி, வருடம், பக்கம் மூன்றையும் உங்கள் பதிவோடு ஒத்துப் பாருங்கள். எண்களைப் பார்க்க ரஷ்யன் தெரிய வேண்டியதில்லை. பட்டியலில் வேறு ரஷ்யக் கட்டுரைகள் இருந்தால் அவற்றின் வருடங்களையும் இப்படியே சரிபார்த்துவிடுங்கள்.